மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் போகவில்லை

தெருவில் தேங்கிய தண்ணீர் வடிந்து, வெயிலும் எட்டிப் பார்த்து, துணி காயப்போட மொட்டை மாடிக்குப் போகிற நாளில்தான் சென்னையின் பல அடுக்ககங்களில் பேஸ்மென்ட் நனையத் தொடங்கும். மழை பெய்தபோது வராத தண்ணீர், மழை விட்ட பிறகு எங்கிருந்து வருகிறது என்று குடியிருப்போர் குழம்புவார்கள். சரிவுப் பாதை வழியாக ஒரு சொட்டும் இறங்கியிருக்காது. வருவது ஊற்று நீர். பெய்த மழை மண்ணுக்குள் இறங்கி நிலத்தடி நீர்மட்டத்தை உயர்த்துகிறது. அந்த மட்டம் பேஸ்மென்ட் தரையைத் தாண்டியதும் தரையும் சுவரும் சேரும் மூலையில் இருக்கும் மயிரிழை இடைவெளி போதும், தண்ணீர் கசிய ஆரம்பித்துவிடும். பெசன்ட் நகர், திருவான்மியூர் போன்ற கடலோர மணற்பகுதிகளில் இது சீக்கிரம் வந்து சீக்கிரம் போகும். களிமண் பகுதிகளில் மெதுவாக வந்து, வாரக்கணக்கில் நிற்கும்.

இதற்காகத்தான் பேஸ்மென்டின் தாழ்ந்த மூலையில் ஒரு குழி வெட்டி, அதற்குள் சிறிய சப்மெர்சிபிள் மோட்டார் ஒன்றை இறக்கி வைத்திருப்பார்கள். குடிநீர் சம்ப் வேறு, இது வேறு. கசிந்து வரும் தண்ணீர் தரையோரக் கால்வாய் வழியாகக் குழியில் சேரும். குழி நிறைந்ததும் மோட்டார் தானாக ஓடும், காலியானதும் தானாக நிற்கும். ஆண்டில் ஒன்பது மாதம் யாரும் அதைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. வடகிழக்குப் பருவமழையில் ஒரு நாள் அது வேலை செய்யாமல் போகும்போது, மூடியைத் திறக்காமலேயே எல்லோரும் சொல்லும் தீர்ப்பு ஒன்றுதான்: "மோட்டார் போச்சு."

பல நேரங்களில் மோட்டார் போயிருக்காது. அதை ஓட்டவும் நிறுத்தவும் சொல்கிற ஃப்ளோட் எங்காவது சிக்கியிருக்கும். அல்லது மேலேற்றிய தண்ணீர் திரும்பி வராமல் தடுக்கிற என்.ஆர்.வி. வால்வு ஒட்டிக்கொண்டிருக்கும். மோட்டாரோடு ஒப்பிட்டால் இரண்டும் விலை குறைந்த பொருட்கள். இவற்றைப் பார்க்காமல் மோட்டாரைக் கழற்றி ரீவைண்டிங் கடைக்கு அனுப்பினால், திரும்பி வந்த பிறகும் அதே கதைதான் நடக்கும்.

ஃப்ளோட் என்பது உள்ளே வெற்றிடம் உள்ள பிளாஸ்டிக் பெட்டி. மோட்டாரிலிருந்து வரும் ஒயரின் நுனியில் அது தொங்கும். பெட்டிக்குள் ஓர் இரும்புக் குண்டும் சின்ன ஸ்விட்சும் இருக்கின்றன. தண்ணீர் குறைவாக இருந்தால் பெட்டி தலைகீழாகத் தொங்கும், ஸ்விட்ச் அணைந்திருக்கும். தண்ணீர் ஏற ஏறப் பெட்டி மிதந்து நிமிரும். போதிய அளவு சாய்ந்ததும் உள்ளே குண்டு உருண்டு போய் ஸ்விட்சை அழுத்தும், மோட்டார் ஓடும்.

மோட்டார் எந்த மட்டத்தில் ஓடி எந்த மட்டத்தில் நிற்க வேண்டும் என்பதை முடிவு செய்வது ஒயரின் நீளம். மோட்டாரின் கைப்பிடியில் ஒரு கிளிப்பில் ஒயரைப் பிடித்து வைத்திருப்பார்கள். அந்தக் கிளிப்பிலிருந்து ஃப்ளோட் வரை எவ்வளவு ஒயர் விட்டிருக்கிறதோ, அதில் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு உயரத்துக்குத் தண்ணீர் ஏறி இறங்கும். 10 செ.மீ. விட்டால் சுமார் 15 செ.மீ. வித்தியாசம் கிடைக்கும். குழி 60 செ.மீ.க்கு 60 செ.மீ. என்றால், ஒவ்வொரு 10 செ.மீ. உயரமும் 36 லிட்டர். ஆக, ஒரு முறை ஓடினால் 54 லிட்டர் வெளியேறும்.

சிக்கல் இங்கேதான் ஆரம்பிக்கிறது. 10 செ.மீ. ஒயரும், கிட்டத்தட்ட அதே நீளமுள்ள ஃப்ளோட்டும் சேர்ந்து சுழல்வதற்கு 20 செ.மீ. காலியிடம் வேண்டும். 60 செ.மீ. குழியின் நட்டநடுவில் 20 செ.மீ. அகல மோட்டாரை வைத்தால் நான்கு பக்கமும் மிஞ்சுவது சரியாக 20 செ.மீ.தான். ஃப்ளோட் சுவரில் உரசும். சுவரில் சிமென்ட் பிசிறு இருந்தால் அதிலேயே மாட்டி நிற்கும். அழகாக நடுவில் வைக்கப்பட்ட மோட்டாரைவிட, ஒரு மூலையில் ஒதுக்கி வைத்து, எதிர் மூலையைப் பார்த்து ஃப்ளோட்டை விட்ட மோட்டார்தான் நம்பத் தகுந்தது.

வைத்த இடத்திலேயே மோட்டார் இருக்கும் என்பதற்கும் உத்தரவாதமில்லை. ஒவ்வொரு முறை ஓடத் தொடங்கும்போதும் அது ஒரு வெட்டு வெட்டும். மேலே கெட்டியான பி.வி.சி. குழாய் இருந்தால் அந்த வெட்டைத் தாங்கிக்கொள்ளும். அவசரத்துக்கு ஹோஸ் பைப்பைக் கிளாம்ப் போட்டு இணைத்திருந்தால், ஒவ்வொரு வெட்டுக்கும் மோட்டார் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பும். ஜூன் மாதம் திறந்த மூலையைப் பார்த்திருந்த ஃப்ளோட், நவம்பரில் சுவரோடு ஒட்டி நிற்கும். இதோடு மோட்டாரின் கரண்ட் ஒயர், தூக்குவதற்குக் கட்டிய நைலான் கயிறு, கார் கழுவிய தண்ணீரோடு வந்த துணி, பிளாஸ்டிக் பை எல்லாம் அதே குழியில் மிதக்கின்றன. ஃப்ளோட் ஒயர் இவற்றில் ஒன்றைச் சுற்றிக்கொள்ள ஒரு மழைக்காலம் தாராளம்.

சிக்கும் விதத்தைப் பொறுத்து விளைவு மாறும். கீழே தொங்கிய நிலையில் சிக்கினால் மோட்டார் ஓடவே ஓடாது. குழி நிரம்பித் தரைக்கு வந்துவிடும். அது கண்ணுக்குத் தெரிகிற கோளாறு. மேலே நிமிர்ந்த நிலையில் சிக்குவதுதான் மோசமானது. குழி காலியான பிறகும் மோட்டார் நிற்காது. இவ்வகை மோட்டார்களுக்குச் சுற்றியுள்ள தண்ணீர்தான் சூட்டைத் தணிக்கிறது. தண்ணீர் இல்லாமல் ஓடினால் சீல் கருகும், பிறகு காயில் போகும். ரீவைண்டிங் கடைக்காரர் காயில் கருகியதைக் காட்டுவார், அது உண்மையும்கூட. கருக வைத்தது கயிற்றில் மாட்டிய ஃப்ளோட் என்பது அவர் மேசைக்கு வந்திருக்காது.

திருவான்மியூர்ப் பக்கம் பன்னிரண்டு வீடுகள் கொண்ட அடுக்ககம் ஒன்று என்று வைத்துக்கொள்வோம். குழியின் அளவு மேலே சொன்னதுதான். மோட்டாரிலிருந்து ஒன்றரை அங்குலக் குழாய் 4 மீட்டர் மேலேறி, பேஸ்மென்டின் கூரையை ஒட்டி 25 மீட்டர் படுத்துச் சென்று, மதில் பக்கம் இன்னும் 2 மீட்டர் ஏறித் தெரு மழைநீர் வடிகாலில் விடுகிறது. காலை ஆறு மணிக்குக் காவலாளி செயலாளர் வீட்டுக் கதவைத் தட்டுகிறார்.

"சார், நைட்டு பூரா மோட்டார் ஓடுற சத்தம் கேட்டுச்சு. நானும் தண்ணி போவுதுன்னு நெனச்சேன். இப்ப பார்த்தா கணுக்கால் அளவுக்கு நிக்குது."

மோட்டார் ஓடியது, தண்ணீர் போகவில்லை. பிளம்பருக்கு இது புதிராக இருக்காது. இரவில் ஃப்ளோட் ஒயர் தூக்குக் கயிற்றில் சுற்றி, நிமிர்ந்த நிலையிலேயே மாட்டிக்கொண்டது. குழி காலியான பிறகும் ஓடிய மோட்டார் காற்றை உறிஞ்சியது. பம்பின் உள்ளறை முழுக்கக் காற்று. அதற்கு மேலே என்.ஆர்.வி. மூடி நிற்கிறது, அதன்மேல் 6 மீட்டர் உயரத் தண்ணீரின் அழுத்தம். தண்ணீரைவிடக் காற்று சுமார் 800 மடங்கு லேசானது. தண்ணீரை 10 மீட்டர் உயர்த்தக்கூடிய இம்பெல்லர், காற்றைச் சுழற்றும்போது தருகிற அழுத்தம் ஒரு செ.மீ. உயரத் தண்ணீருக்குச் சமம். அதை வைத்து வால்வைத் திறக்க முடியாது. இதற்குள் ஊற்று நீர் மறுபடி வந்து மோட்டாரை மூழ்கடித்தாலும், உள்ளே சிக்கிய காற்று போக வழியில்லை. மோட்டார் காற்றைக் கடைந்துகொண்டே இருக்கிறது. வெளியே நிற்பவருக்குக் கேட்பது நன்றாக ஓடும் மோட்டாரின் சத்தம். ஏர் லாக் என்று பிளம்பர்கள் சொல்வது இதைத்தான்.

இங்கே ஒரு எச்சரிக்கை. தரையில் தண்ணீர் நிற்கும்போது அதற்குள் காலை வைக்கும் முன் பேஸ்மென்ட் மின் இணைப்பு முழுவதையும் மேலேயிருந்து நிறுத்திவிட வேண்டும். நீரில் கிடக்கும் மோட்டார் ஒயரில் ஒரு கீறல் போதும். அந்த இணைப்பில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லாத கட்டடமாக இருந்தால் எலக்ட்ரீஷியன் வரும்வரை யாரும் இறங்கக் கூடாது. முதலில் வேறு ஒரு பம்பை வெளியே வைத்து, தரைத் தண்ணீரை இறைத்துவிட்டுத்தான் குழிப் பக்கம் போக வேண்டும். குழி ஆழமானதாக, மூடி வைத்ததாக இருந்தால் ஆளை உள்ளே இறக்கவே கூடாது. கழிவுநீர் கலந்திருந்தால் அதற்குள் விஷவாயு இருக்கும். கயிற்றைப் பிடித்து மோட்டாரை மேலே தூக்கலாம். ஒயரைப் பிடித்து மட்டும் தூக்கக் கூடாது. சீல் பிய்ந்து தண்ணீர் உள்ளே போய்விடும்.

தரை காய்ந்த பிறகு சோதனை எளிது. பேனலில் ஆட்டோ, மேனுவல் என்று இரு நிலைகள் இருக்கும். மோட்டார் ஆட்டோவில் ஓடாமல் மேனுவலில் ஓடினால் கோளாறு ஃப்ளோட் பக்கம். மேனுவல் வசதி இல்லையென்றால், குழிக்கு வெளியே நின்றபடி காய்ந்த பி.வி.சி. குழாயால் ஃப்ளோட்டை நெம்பித் தூக்கிப் பார்க்கலாம். தூக்கியதும் ஓடி, விட்டதும் நின்றால் ஃப்ளோட்டின் உள் ஸ்விட்ச் நன்றாகவே இருக்கிறது. எதிலோ மாட்டியதுதான் பிரச்சினை. எவ்வளவு தூக்கினாலும் அசைவில்லை என்றால் எம்.சி.பி., ஸ்டார்ட்டர், ஃப்ளோட்டின் உள் ஸ்விட்ச் என்று வரிசையாகப் பார்த்துவிட்டு, கடைசியாகத்தான் மோட்டாருக்கு வர வேண்டும். ஓடாமல் உறுமி ட்ரிப் ஆனால் அது வேறு கோளாறு: இம்பெல்லரில் துணியோ கல்லோ மாட்டியிருக்கும், அல்லது கெபாசிட்டர் போயிருக்கும்.

ஓடியும் தண்ணீர் போகாத மோட்டாருக்கு எலக்ட்ரீஷியனின் டாங் டெஸ்டர் நல்ல சாட்சி. தண்ணீரைத் தள்ளும்போதுதான் இவ்வகைப் பம்ப் அதிகக் கரண்ட் இழுக்கும். பெயர்ப் பலகையில் உள்ள ஆம்பியரைவிடக் கணிசமாகக் குறைவாகக் காட்டினால், பம்ப் வேலையில்லாமல் சும்மா சுற்றுகிறது என்று பொருள். உள்ளே காற்று இருக்க வேண்டும், அல்லது மேலே வழி அடைத்திருக்க வேண்டும். எது என்று பார்க்க, மோட்டாரை நிறுத்திவிட்டு, மோட்டாருக்கும் என்.ஆர்.வி.க்கும் இடையில் உள்ள யூனியனைக் கொஞ்சம் தளர்த்தினால் போதும். காற்று 'புஸ்' என்று வெளியேறி, திரும்ப இறுக்கி ஓட்டியதும் தண்ணீர் போனால் ஏர் லாக். காற்றை வெளியேற்றிய பிறகும் போகவில்லை என்றால் வால்வே ஒட்டிக்கொண்டிருக்கிறது.

வால்வு ஒட்டிக்கொள்வது பெரும்பாலும் கோடையின் வேலை. சென்னையின் நிலத்தடி நீர் பல இடங்களில் கடினமானது. ஜனவரியிலிருந்து செப்டம்பர் வரை ஓடாமல் கிடக்கும் குழாயில் தண்ணீர் வற்றி, சுண்ணாம்புப் படிவும் சேறும் வால்வின் தகட்டைச் சுற்றிப் பற்றாக உறையும். அக்டோபரின் முதல் மழையில் மோட்டார் தள்ளும் அழுத்தம் அதைப் பெயர்க்கப் போதாமல் போகலாம். ஸ்பிரிங் வைத்த பித்தளை வால்வுகளில் இது இன்னும் எளிதாக நடக்கும். அவை தெளிந்த தண்ணீருக்கானவை. மணலும் நூலும் கலந்த குழித் தண்ணீருக்குத் தகடு மடங்கித் திறக்கிற வகையோ, உள்ளே பந்து உருள்கிற வகையோதான் ஏற்றது. வால்வின் மேல் உள்ள அம்புக்குறி தண்ணீர் போகும் திசையைக் காட்ட வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை என்று தோன்றும். பழுது பார்த்து மாட்டும் அவசரத்தில் தலைகீழாக மாட்டப்பட்ட வால்வுகளும் உண்டு என்பதால் சொல்ல வேண்டியிருக்கிறது.

நம் திருவான்மியூர் அடுக்ககத்தில் ஏர் லாக்தான். அதற்கு நிரந்தரத் தீர்வு ஒரு துளை. மோட்டாருக்கும் என்.ஆர்.வி.க்கும் நடுவில், குழியின் மூடிக்குக் கீழே, குழாயில் 5 மி.மீ. அளவுக்கு ஒரு துளை போட வேண்டும். தண்ணீர் பீய்ச்சும்போது குழிக்குள்ளேயே விழுமாறு துளை கீழ்நோக்கிச் சாய்ந்திருப்பது நல்லது. உள்ளே மாட்டும் காற்று இதன் வழியே போய்விடும். மோட்டார் ஓடும்போதெல்லாம் அதிலிருந்து கொஞ்சம் தண்ணீர் பீய்ச்சும். அது ஒழுகல் அல்ல. பின்னால் வரும் யாராவது அதைப் பார்த்து எம்-சீல் வைத்து அடைத்துவிடுவதுதான் இந்தத் துளைக்கு வரும் பெரிய ஆபத்து. குழாயில் பெயின்டால் "அடைக்காதே" என்று எழுதி வைப்பது கேலிக்குரிய யோசனை அல்ல.

துளை போட மனமில்லாத சிலர் வேறு ஒரு குறுக்கு வழி சொல்வார்கள்: "அந்த என்.ஆர்.வி. எதுக்கு சார்? கழட்டி வீசிடுங்க, எல்லாம் சரியாயிடும்." வால்வு இல்லையென்றால் மேலேயிருக்கும் தண்ணீர் திரும்பி விழுந்து பம்பை நிரப்பிவிடும், ஏர் லாக் வராது. அதுவரை உண்மைதான். ஆனால் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். ஒன்றரை அங்குலக் குழாயில் ஒரு மீட்டருக்கு ஒன்றேகால் லிட்டர் பிடிக்கும். மொத்தம் 31 மீட்டர் என்றால் 39 லிட்டர். மோட்டார் நின்றதும் இவ்வளவும் குழிக்கே திரும்பும். குழியில் நீர்மட்டம் கிட்டத்தட்ட 11 செ.மீ. உயரும். 54 லிட்டர் குழியைவிட்டு மேலேறியும் உண்மையில் வெளியேறியது 15 லிட்டர்தான். இன்னும் 4 செ.மீ. ஊற்று நீர் சேர்ந்தால் போதும், மோட்டார் மறுபடி ஓடும். முன்பு மணிக்கு இரண்டு முறை ஓடிய மோட்டார் இப்போது ஏழு முறைக்கு மேல் ஓடும். தொடங்கும் கணத்தில்தான் மோட்டார் அதிகக் கரண்ட் இழுத்துச் சூடாகிறது. ஃப்ளோட் ஸ்விட்சும் தேய்கிறது. மோட்டாரைத் திருகிவிடும் அந்த வெட்டும் ஏழு மடங்கு இல்லாவிட்டாலும் மூன்றரை மடங்கு கூடுகிறது. ஃப்ளோட் மறுபடி சிக்குவதற்கு அதுவே வழி.

வால்வைக் கழற்றாமலே இதே நிலை வரலாம். தகட்டுக்கடியில் ஒரு கல் மாட்டினால் அது பாதி திறந்தபடியே நிற்கும். காது கொடுத்தால் தெரிந்துவிடும். நல்ல வால்வு மோட்டார் நின்றதும் ஒரு 'டப்' சத்தத்தோடு மூடி அமைதியாகும். மாட்டிக்கொண்ட வால்வில் மோட்டார் நின்ற பிறகும் குழாய்க்குள் தண்ணீர் கடகடவென்று இறங்கும் சத்தம் நீடிக்கும்.

இதைவிடப் பெரிய ஆபத்து குழாயின் மறுமுனையில் இருக்கிறது. தெரு வடிகால் நிரம்பி, குழாயின் வாய் தண்ணீருக்குள் மூழ்கிவிட்டால், மூடாத வால்வு வழியாகத் தெருத் தண்ணீரே பேஸ்மென்டுக்குள் இறங்கும். தெருவுக்கும் குழிக்கும் 3 மீட்டர் உயர வித்தியாசம் இருந்தாலே இந்தக் குழாய் மணிக்குச் சில ஆயிரம் லிட்டரைக் கொண்டுவந்துவிடும். கரண்ட் நிறுத்தப்பட்ட இரவில் சுவரெல்லாம் காய்ந்திருக்க, குழியிலிருந்து மட்டும் தண்ணீர் பொங்கி வந்தால் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். மதிலோரம் குழாயைத் தெருவில் வெள்ளம் நிற்கும் மட்டத்துக்கு மேலே ஏற்றி வளைத்து, வளைவின் உச்சியில் காற்றுப் போக ஒரு சிறு துளை விட்டால், வால்வு ஏமாற்றினாலும் தண்ணீர் திரும்பாது. துளை இல்லாவிட்டால், வளைவைத் தாண்டியும் தண்ணீரை உறிஞ்சு குழாய் போல இழுத்துக்கொண்டே இருக்கும்.

தண்ணீரை எங்கே விடுவது என்பதிலும் ஒரு வேடிக்கை உண்டு. 2003இல் தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு கட்டாயமான பிறகு பல வளாகங்களில் உறை கிணறுகள் வந்தன. நல்ல தண்ணீர் வீணாகக் கூடாதே என்று குழித் தண்ணீரை அதே வளாகத்து உறை கிணற்றில் விடுபவர்கள் இருக்கிறார்கள். கிணறு பேஸ்மென்ட் சுவரிலிருந்து சில மீட்டரில் இருந்தால், அந்தத் தண்ணீர் மண் வழியாகச் சுற்றி வந்து மறுபடி அதே சுவரில் கசியும். மோட்டார் நாள் முழுக்க ஓடும்; ஃப்ளோட்டும் வால்வும் நன்றாகவே இருக்கும்; மின் கட்டணம் மட்டும் ஏறும்.

இவ்வளவு சரிசெய்த பிறகு ஒரு சோதனை போதும். குழிக்குள் ஒரு அளவுகோலை நிறுத்தி, மோட்டாரை அணைத்துவிட்டு, பத்து நிமிடத்தில் தண்ணீர் எவ்வளவு ஏறுகிறது என்று பார்க்க வேண்டும். 60 செ.மீ. குழியில் 5 செ.மீ. ஏறினால் 18 லிட்டர். மணிக்கு 108 லிட்டர். ஓர் அரைக் குதிரைத்திறன் மோட்டாருக்கு அது சாதாரணம். பிறகு மோட்டாரைப் போட்டு, எவ்வளவு நேரத்தில் மட்டம் இறங்குகிறது, எந்த இடத்தில் நிற்கிறது, நின்ற பிறகு எத்தனை செ.மீ. திரும்பி ஏறுகிறது என்று குறித்து வைக்கலாம். அடுத்த ஆண்டு புரட்டாசியில் மோட்டார் ஓடத் தொடங்கும்வரை தண்ணீரை ஊற்றிப் பழைய குறிப்போடு ஒப்பிட்டால் வால்வும் ஃப்ளோட்டும் எந்த நிலையில் இருக்கின்றன என்று மூடியைத் திறந்த பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். பெரிய கட்டடங்களில் இரண்டாவது மோட்டார் ஒன்றையும், அதன் ஃப்ளோட்டைச் சற்று உயரமான மட்டத்திலும் வைப்பார்கள். அந்த இரண்டாவது ஃப்ளோட்டோடு ஒரு மணியையும் இணைத்தால், முதல் மோட்டார் கைவிட்ட செய்தி தண்ணீர் தரைக்கு வருவதற்கு முன்பே காவலாளிக்குப் போய்விடும்.

சரிவுப் பாதை வழியாகத் தெருவே இறங்கி வரும் நாட்களில் இதெல்லாம் பயன்படாது. 2015 டிசம்பர் 1ஆம் தேதி பெருமழையில், மறுநாள் காலை வரையான 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. பதிவானது. அப்படிப்பட்ட வெள்ளத்துக்கு முன்னால் அரைக் குதிரைத்திறன் மோட்டார் எதுவும் நிற்காது. முழுதும் மூழ்கிய பேஸ்மென்டை, வெள்ளம் வடிந்த கையோடு பெரிய டீசல் பம்ப் வைத்து ஒரே மூச்சில் காலி செய்வதும் தவறு. வெளியே மண் இன்னும் ஊறிக் கிடக்கும். உள்ளே இருக்கும் தண்ணீர்தான் சுவரையும் தரையையும் எதிர்த்துத் தாங்கிக்கொண்டிருக்கும். அதைச் சட்டென்று எடுத்துவிட்டால் சுவர் உள்வாங்கலாம், தரை பொங்கிப் பிளக்கலாம். முதலில் ஓரடி மட்டும் இறைத்து, சுவரில் ஒரு கோடு போட்டு வைக்க வேண்டும். மறுநாள் காலை தண்ணீர் அந்தக் கோட்டைத் தாண்டி ஏறியிருந்தால், மண் இன்னும் வடியவில்லை. பம்பை அணைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். ஏறாமல் நின்றால் அடுத்த ஓரடி.